பந்தல் அக்காவும் வெந்நீர் சுமந்த பெட்டியும்

அவளைப் பந்தல் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். விவரம் தெரியாத ஒருவர், இருநூறு நாற்காலி வாடகைக்கு வேண்டும் என்று அவளுக்குப் போன் போட்டதுகூட உண்டு. அவள் பந்தல் போடுகிறவள் இல்லை. பந்தலை எரித்தவள். எரித்தவள் என்று பேர் வாங்கியவள் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். ஆனால் ஊர்வாய்க்கு அவ்வளவு நீளமாகப் பேசப் பொறுமை ஏது?

அவள் வேலைக்குப் போனது ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு. அண்டா கழுவத்தான் போனாள். கழுவிக்கொண்டே ஒரு கண்ணை அடுப்பின் மேல் வைத்திருந்தாள். தலைமைச் சமையல்காரர் முதுகுவலி என்று படுத்த ஒரு வாரத்தில் கரண்டியைக் கையில் எடுத்தவள், அவர் எழுந்து வந்த பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கல்யாணம் ஆனது ஒரு பஸ் டிரைவருடன். மனுஷன் ஓட்டுவதில் புலி, பசி வந்தால் பூனை. கேன்டீனை மூடியதும் வெளி விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தாள். பெரிய பெரிய கூட்டங்களுக்கெல்லாம் சமைத்தாள். அவள் கையில் உப்பு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

போன வருஷம் ஏரிக்கரை மைதானத்தில் நடந்த ஓட்டப் பந்தயத்தில்தான் எல்லாம் தலைகீழானது. பந்தலுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காற்று எழும்பி அடுப்பை அணைத்து அணைத்து விளையாடியது. ஒப்பந்தக்காரர், "துணிய இறக்குங்கப்பா, அடுப்பு அணையுது!" என்று கத்தினார். வெளியே சமைக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. அடுப்புக்குக் காற்று படக்கூடாது என்றுதான் கை முதலில் ஓடும். துணிக்கு நெருப்பு படக்கூடாது என்பது அப்புறம்தான் தோன்றும். அவளுக்கு அது முன்னாலேயே தோன்றியது. இவ்வளவு பக்கத்தில் துணியா என்று வாய்வரை வந்தது. முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டாள். துணியை இறக்கிக் கட்டியதும் அவள் கைதான்.

கட்டிய கயிறு காற்றில் அவிழ்ந்தது. துணி அடுப்பின் மேல் சரிந்தது. பந்தலின் ஒரு மூலை கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கிப் போனதோடு சரி. யார் அடுப்பில் நின்றது என்று கேட்டார்கள். ஒப்பந்தக்காரர் அவளைக் கைகாட்டினார். அவள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஒட்டிய பேர்தான் இது.

அதோடு வெளி வேலை நின்றது. அந்த மைதானத்தில் இனி அடுப்பே மூட்டக்கூடாது என்று பந்தயக் குழு முடிவு கட்டியது. அவள் வீட்டின் பின்பக்கச் சமையலறையில் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். கடைத்தெருவில் யாராவது, "என்ன பந்தல் அக்கா, இன்னைக்கு எதைக் கொளுத்தப் போறீங்க?" என்று சிரித்தால் அவளும் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்து வெங்காயத்தை நறுக்கு நறுக்கு என்று நறுக்குவாள். கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை பாருங்கள்.

இந்த வருஷம் பந்தயம் குளிர்காலத்தில் வந்தது. ஓடி முடித்து வேர்வை ஆறி நடுங்குகிறவனுக்கு ஆறிப்போன பொட்டலத்தைக் கொடுத்தால் திட்டாமல் என்ன செய்வான்? போன முறை நெருப்புக்குப் பிறகு அவசரமாகக் கொண்டுவந்து கொடுத்த ரொட்டியைப் பற்றி ஓட்டக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் நேராகப் பந்தயக் குழுச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் கவலைப்படுவதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டவர்.

"சார், சுடச்சுட சாப்பாடு நான் தரேன். வீட்டுலேயே சமைச்சு எடுத்துட்டு வந்துடுவேன். சூப் மட்டும் அங்க வைக்கணும். அதுக்கு ஒரே ஒரு அடுப்பு வேணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானேம்மா போன வருஷம்..."

"நான்தான் சார்."

அவள் அப்படிப் பட்டென்று சொன்னதில் அவருக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. தீயணைப்பு நிலைய அதிகாரி நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால் தனக்கு மறுப்பில்லை என்று பந்தை அந்தப் பக்கம் உருட்டிவிட்டார்.

அதிகாரி ஒரு பெண். போன வருஷம் நெருப்பை அணைக்க வந்தவரும் அவர்தான். அக்கா போய்ச் சொன்னதை முழுக்கக் கேட்டார், சில கேள்விகள் கேட்டார். கடைசியில், "அன்னைக்குக் காலையில வந்து பார்ப்பேன். ஒண்ணு சரியில்லைன்னாலும் அடுப்பைப் பத்த வைக்க விட மாட்டேன். இன்னொரு தடவை அந்த மைதானத்துல புகை கிளம்புச்சுன்னா உங்களுக்கு மட்டுமில்ல, இனிமே யாருக்குமே அங்க சமைக்க அனுமதி கிடைக்காது. புரியுதா?" என்றார்.

புரியாமல் என்ன? இன்னொரு முறை தவறினால் அவள் சாகும்வரை பந்தல் அக்காதான். செத்த பிறகும் அப்படித்தான் சொல்வார்கள்.

*

பந்தயத்தன்று விடியும்போதே அவள் வீட்டுச் சமையலறை கொதித்துக்கொண்டிருந்தது. சோறு, பருப்பு, காய்கறிக் குழம்பு, கோழிக் குழம்பு. உதவிக்கு நாத்தனார் வந்திருந்தாள். நாத்தனாருக்கு வேலையில் குறை சொல்ல முடியாது. வாய் மட்டும் சும்மா இருக்காது.

சூடு காக்கும் பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்து, ஒவ்வொன்றிலும் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி மூடினாள் அக்கா.

"வெறும் பெட்டிக்கு எதுக்கு அண்ணி வெந்நீர்க் குளியல்?" என்றாள் நாத்தனார்.

"பெட்டி சில்லுனு இருந்தா சாப்பாட்டுல இருக்கிற சூட்டை அது குடிச்சிடும்டி. முதல்ல அதுக்கு வயிறு நிரம்பக் கொடுத்துட்டா அப்புறம் நம்ம சாப்பாட்டுல கை வைக்காது."

கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு பெட்டியாகத் தண்ணீரைக் கொட்டி, துடைத்து, ஆவி அடங்குமுன் அடுப்பிலிருந்து நேராக உணவை நிரப்பினாள். பாதிப் பெட்டி என்ற பேச்சே இல்லை. பாதி காலியாக இருந்தால் அந்த இடத்துக் காற்றே சூட்டைத் தின்றுவிடும். குழம்பு தளும்பாமல் இருக்க விளிம்பில் விரல் அளவு மட்டும் விட்டாள். மூடுவதற்கு முன் துடைத்த வெப்பமானிக் கம்பியை நடுவில் குத்திப் பார்த்தாள். எல்லாம் எண்பது டிகிரிக்கு மேல். கொக்கிகள் படக் படக்கென்று விழுந்தன.

"இனி பரிமாறுற வரைக்கும் இதை எவரும் திறக்கக் கூடாது," என்றாள், நாத்தனாரைப் பார்த்து இல்லை, கணவனைப் பார்த்து. அவன் ஏற்கெனவே கோழிக் குழம்புப் பெட்டியின் கொக்கியில் கை வைத்திருந்தான்.

"வாசனை மட்டும்..."

"வாசனை வெளிய வந்தா சூடும் கூடவே வெளிய வரும். கையை எடுங்க."

கடைசியில் ஒரு பெட்டி மிஞ்சியது. அதில் அவள் உணவு எதையும் போடவில்லை. மறுபடியும் வெந்நீரை நிரப்பி மூடினாள். இதைப் பார்த்ததும் அண்ணனும் தங்கையும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஏரிக்கரைக்கா தண்ணி தூக்கிட்டுப் போறோம்?" என்று அவன் கேட்டான்.

"வண்டி இழுக்குமா அண்ணே?" என்று நாத்தனார் எடுத்துக்கொடுத்தாள்.

"இருக்கட்டும். ஏதாவதுக்கு ஆகும்," என்றாள் அக்கா. எதற்கு ஆகும் என்று அவளுக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. வெளி வேலையில் காலியாக ஒரு சூடான பெட்டி கைவசம் இருப்பது நல்லது என்று கேன்டீன் நாள்களிலிருந்து ஒரு பழக்கம்.

பெட்டிகளை, மதியச் சாப்பாடு கொண்டுபோகும் தங்கள் வேனின் தரையிலேயே, ஒன்றோடொன்று ஒட்டி, நகராமல் பட்டைகளால் இறுக்கிக் கட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக உயர அடுக்கவில்லை. எரிவாயு சிலிண்டர் இந்த வண்டியில் ஏறவில்லை. அது கேஸ் முகவரின் ஆள் ஓட்டிவந்த திறந்த வண்டியில், நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலி போட்டு, மூடி திருகி, தனியாக வந்தது. கணவன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். அன்றைக்கு அவன் ஓட்டிய ஓட்டில் தொட்டிலில் இருக்கும் குழந்தைகூட முழிக்காது. ஓட்டக்காரர்களுக்காகப் பாதிச் சாலைகளை மறித்து வைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. "நேரம் ஆகுதே, சாப்பாடு ஆறிடுமா?" என்று நாத்தனார் பதறினாள். அக்கா பின்னால் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

*

மைதானத்தில் பரிமாறும் பந்தல் பெரியதாக நின்றது. அதற்கு எதிர்ப்புறம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகையும் சூடும் ஜனங்கள் மேல் போகாத திசையில், நாலைந்து வண்டி நீளம் தள்ளிச் சமையலுக்கு ஒரு சின்னப் பந்தல். புல்லை வெட்டி, காய்ந்த சருகைக் கூட்டி அள்ளித் தரையைச் சுத்தமாக்கினார்கள். பந்தல் கால்களில் தண்ணீர் நிரப்பிய கேன்களைக் கட்டினார்கள். பக்கத் துணிகள் எதுவும் வேண்டாம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். மூன்றைக் கழற்றிவிட்டார்கள். நான்காவது கூரையோடு சேர்த்துத் தைத்தது.

"அறுத்தா முதலாளி என் தோலை உரிச்சிடுவாரு அக்கா," என்று பந்தல்காரன் கெஞ்சினான். சுருட்டி மேலே இறுக்கிக் கட்டச் சொன்னாள். அது மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அடுப்பை அந்தத் துணியிலிருந்து முடிந்தவரை எட்டிப் போட்டாள். ஆனால் பந்தல் சின்னது.

அடுப்பு சமதரையில், ஆடாத இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்தது. மூன்று பக்கம் தகர மறைப்பு. சிலிண்டர் பந்தலுக்கு வெளியே, நிமிர்ந்து, சாயாதபடி கம்பத்தோடு கட்டி, ஒரு எட்டில் கை எட்டும் இடத்தில். குழாய் யார் காலிலும் தட்டாத வழியில். சுற்றிக் கயிறு கட்டி ஆள் நுழையாமல் தடுத்தார்கள். தீயணைப்பான் அடுப்புக்குப் பின்னால் இல்லை, வெளியே போகும் வழியில். நெருப்பைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியதாக அது இருக்கக் கூடாது. பக்கத்திலேயே, நெருப்பின் மேல் போட்டு அமுக்கத் தீப் போர்வை. ஓரமாகக் கை கழுவக் குழாய் வைத்த தண்ணீர்க் கேனும் சோப்பும்.

அதிகாரி வந்தார். பந்தலைச் சுற்றி வந்தார். அக்கா சோப்பு நுரையைக் குழாயின் இணைப்புகளில் தடவி, சிலிண்டரைத் திறந்து காட்டினாள். குமிழி ஒன்றும் எழவில்லை. அதிகாரி குனிந்து அவரும் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, சுருட்டிக் கட்டியிருந்த அந்தத் துணியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"தைச்சிருக்கு மேடம். கழட்ட முடியல. கீழ வராது. வர விட மாட்டேன்."

அதிகாரி முடிச்சை இழுத்துப் பார்த்தார். "காத்து எழும்புச்சுன்னா?"

"அடுப்பை அணைச்சிடுவேன்."

"பத்த வைங்க," என்றார் அதிகாரி. நாத்தனார் தீப்பெட்டியை நீட்டினாள்.

பரிமாறும் பந்தலில் பெட்டிகளை வரிசையாக வைத்து, மூடியை ஓரமாகத் தூக்கிக் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் எழுபதுக்கு மேலேயே நின்றன. அறுபத்து மூன்றுக்குக் கீழே போனால்தான் சாப்பாடு கெட்டுவிடுமோ என்று கவலைப்பட வேண்டும். சுற்றுவழியில் வந்த நேரமெல்லாம் பெட்டிகளை ஒன்றும் செய்யவில்லை. நாத்தனார் வெப்பமானியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். வெந்நீர்க் குளியலைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை. இதுவே பெரிய வெற்றி என்று அக்காவுக்கு அந்த நேரத்தில் தோன்றியது, பாவம்.

*

சூப் கொதித்து, தக்காளியும் மிளகும் கலந்த மணம் மைதானம் முழுக்க உலாப் போனது. முதல் ஓட்டக்காரர்கள் முடிவுக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஏரியின் அந்தப் பக்கம் வானம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பியது. விளம்பரப் பலகைகள் ஆடின. காகிதத் தட்டுகள் பறந்தன. கணவன் அவற்றின் பின்னால் ஓடினான். அவனும் பந்தயத்தில் கலந்துகொண்ட மாதிரிதான் இருந்தது.

அடுப்பின் சுவாலை படுத்துப் படுத்து எழுந்தது. அதைக் கண்டதும் நாத்தனாரின் கை தானாக மேலே போனது. சுருட்டிக் கட்டிய துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள். கெட்ட எண்ணமா? இல்லவே இல்லை. அடுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அதே நேரம் செயலாளர் அரக்கப் பரக்க ஓடிவந்தார். முக்கிய விருந்தினர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஓட்டக்காரர்கள் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று கையை ஆட்டினார்.

"துணிய இறக்குங்கம்மா, அடுப்பு அணையுது!"

போன வருஷத்தின் அதே வார்த்தை. 'ப்பா' போய் 'ம்மா' வந்தது மட்டும்தான் வித்தியாசம். அவளுடைய இடது கையில் சுருங்கிய தோல் எரிகிற மாதிரி இருந்தது. அதே சொல் இந்தத் தடவையும் வாய்வரை வந்து நின்றது. பெரிய மனிதர், வாய்ப்புக் கொடுத்தவர், எல்லோர் முன்னாலும் அவரை எதிர்த்து எப்படிப் பேசுவது? ஒரு நொடி அவள் அப்படியே நின்றாள். அந்த நொடியில் அவள் விழுங்கியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"இறக்காதேடி! கையை எடு!"

அந்தச் சத்தம் மைதானத்தின் அந்தக் கோடி வரை போயிற்று. நாத்தனார் கை சுட்ட மாதிரி பின்வாங்கினாள். கரண்டியை வைத்துவிட்டு அக்கா ஒரே எட்டில் வெளியே போய் முதலில் சிலிண்டர் வால்வைத் திருகி மூடினாள். குழாயில் மிச்சமிருந்த வாயு எரிந்து தீர்ந்து சுவாலை தானே சுருங்கி அணைந்தது. பிறகுதான் அடுப்பின் குமிழைத் திருப்பினாள்.

செயலாளர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா பண்றீங்க? அடுப்பையே அணைச்சிட்டீங்களே! ஐநூறு பேருக்குச் சூப்! ஆறிப்போச்சுன்னா என் மானம் போயிடும்!"

"ஆறாது சார்."

"எப்படி ஆறாது? திறந்தவெளி, இந்தக் காத்து..."

"சார்," என்றாள்.   "போன வருஷம் இதே மாதிரி ஒருத்தர் துணிய இறக்கச் சொன்னாரு. தப்புன்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்காம இறக்கினேன். இந்தத் தடவை முடியாது சார். நீங்க என்னை அனுப்பினாலும் சரி, துணி இறங்காது."

செயலாளர் திரும்பி வரிசையைப் பார்த்தார். 

அவள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. "என்னங்க! அந்தத் தண்ணிப் பெட்டி!" என்று கத்தினாள். கணவன் பறந்த தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், காலையிலிருந்து கிண்டல் வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியைத் தூக்கிவந்தான். உள்ளே இருந்த வெந்நீரைப் பரிமாற வைத்திருந்த பெரிய கெட்டில்களில் ஊற்றிச் சூடாக்கி, பிறகு கால் படாத இடமாகப் பார்த்துக் கொட்டினார்கள். குபுகுபுவென்று ஆவி எழுந்தது. பெட்டியின் உட்புறம் கையை வைக்க முடியாத சூடு. பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்து, முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு, நீளக் கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றினாள். கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிச் சாய்க்க அவள் யாரையும் விடவில்லை. வெந்து போன கையை ஒரு தடவை பார்த்தவளுக்கு அந்த அவசரம் தேவையில்லை. ஒரு பெட்டி நிறைந்தது. கொக்கி படக்கென்று விழுந்தது. மிச்சம் இருந்த சூப் அந்தக் கெட்டில்களுக்குப் போயிற்று. அண்ணனும் தங்கையும் தூக்கிக்கொண்டு பரிமாறும் பந்தலுக்கு ஓடினார்கள்.

மழை சடசடவென்று இறங்கியது. அவள் கடைசியாகக் காலிப் பாத்திரத்தை மூடிவிட்டு வெளியே வந்து சில அடிகூட வைத்திருக்க மாட்டாள். காற்று சின்னப் பந்தலின் கூரையைத் தூக்கி ஒரு உலுக்கு உலுக்கியது. நாத்தனார் பாதி அவிழ்த்திருந்த முடிச்சு முழுசாக அவிழ்ந்தது. சுருட்டியிருந்த துணி முழு நீளத்துக்குச் சரிந்து, அடுப்பின் மேல், பாத்திரத்தையும் மூடி, தொப்பென்று விழுந்தது.

 வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். செயலாளர் பார்த்தார். நாத்தனார் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோர் கண்ணும் புகைக்காகக் காத்திருந்தது.

புகை வரவில்லை.  ஈரத் துணி அணைந்த அடுப்பின் மேல் சாதுவாகக் கிடந்தது.

மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து அதிகாரி நனைந்துகொண்டே வந்தார். துணியை ஒதுக்கி அடுப்பைப் பார்த்தார். வெளியே போய்ச் சிலிண்டர் வால்வில் கை வைத்துப் பார்த்தார். இறுக்கமாக மூடியிருந்தது. நிமிர்ந்து அக்காவின் பக்கம் திரும்பினார்.

"காத்து எழும்புச்சுன்னா அணைச்சிடுவேன்னு சொன்னீங்க."

"ஆமாம் மேடம்."

"நிறைய பேர் சொல்வாங்க," என்றார் அதிகாரி. "சூப் இருக்கா?"

*

சூப் இருந்தது. பெட்டியைத் திறந்தபோது முகத்தில் அடித்த ஆவியில் செயலாளரின் மூக்குக் கண்ணாடி பனித்துப் போனது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் வெப்பமானியைக் கேட்டார். நாத்தனார் அதைத் துடைத்து உள்ளே விட்டு, எண்பத்தி நாலு என்று பெருமையாகச் சொன்னாள். சூப்பைத் தானே வைத்த மாதிரி ஒரு தோரணை. வெளியே மழை கொட்டித் தீர்த்தது. பெரிய பந்தலுக்குள் ஐநூறு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தார்கள். சோற்றில் ஆவி பறந்தது. கோழிக் குழம்பு மூன்றாம் தடவை கேட்டவர்களுக்கும் சுடச்சுடக் கிடைத்தது. நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கிழட்டு ஓட்டக்காரர் முதல் வாய் குடித்துவிட்டு, "ஆஹா, உசிரு வந்துச்சு!" என்று கத்தினார், பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாருக்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை, தட்ட வேண்டும் போல் இருந்தது, தட்டினார்கள்.

நாத்தனார் அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பேச வரவில்லை. அதுவே ஓர் அதிசயம்.

"அண்ணி, அந்த முடிச்சை நான்..."

"நானும் போன வருஷம் இறக்கினவதான்டி," என்றாள் அக்கா. "போ, அங்க தட்டு தீருது பாரு."

மழை கொஞ்சம் விட்டது. அதிகாரி சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பந்தல்காரனைக் கூப்பிட்டு, இனிச் சமையல் பந்தலுக்குத் தைத்த துணி கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொன்னார். பிறகு செயலாளரிடம், இந்த மைதானத்தில் அடுப்புக்கு இருந்த தடையை எடுத்துவிடலாம், ஆனால் எல்லோரும் இந்த அம்மா போட்ட மாதிரி போட வேண்டும் என்றார். செயலாளர் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். அடுத்த வருஷமும் நீங்கள்தான் சமைக்க வேண்டும் என்று அக்காவிடம் அங்கேயே கேட்டார். அடுத்த மாதம் நடக்கும் குழந்தைகள் ஓட்டத்துக்கும் கேட்டார். அவளுக்குத் தலை சுற்றியது. சந்தோஷம்தான், வேறென்ன? அழுகை வந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. அழுதுவிட்டாள்.

பரிசளிப்பு தொடங்கியது. செயலாளர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தார். "நன்றி சொல்லணும்மா. உங்க சாப்பாட்டு நிறுவனத்துக்குப் பேர் என்னன்னு சொல்லட்டும்?"

நிறுவனமாவது ஒன்றாவது. பின்பக்கச் சமையலறைக்கு யாராவது பேர் வைப்பார்களா? நாத்தனார் முந்திக்கொண்டு அவளுடைய உண்மைப் பேரைச் சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"பந்தல் அக்கான்னு சொல்லுங்க சார்."

செயலாளர் நெளிந்தார். "அது... அது வந்து, கேலியா சொல்றதும்மா. நல்ல பேர் ஒண்ணு..."

"அதுதான் சார் பேர். சத்தமா சொல்லுங்க."

அவர் மேடைக்குப் போனார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு நமக்கு இந்த மழையிலயும் சுடச்சுடச் சாப்பாடு போட்டது, பந்தல் அக்கா!" என்றார். பந்தல் முழுக்க இரைச்சல் எழும்பியது. கடைத்தெருவில் அவளைக் கேலி செய்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் வாயில் சோற்றோடு கத்தினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அது கணவன்தான்.

மறுவாரம் அவன் வேனின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அந்தப் பேரை எழுதிவைத்தான். எழுத்துக்குக் கீழே என்ன படம் போடலாம் என்று கேட்டான். அடுப்பா, கரண்டியா, கோழியா?

"பெட்டி போடுங்க," என்றாள் அவள். "உள்ள வெந்நீர் இருக்கிற மாதிரி, மேல கொஞ்சம் ஆவி வரட்டும்."